காயமில்லாதவனின் மனு

வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பேட்டரி கடையின் மாடியில் உட்கார்ந்திருந்தேன். அது என் சீனியரின் அலுவலகம். விபத்து வழக்குகள்தான் அவருக்குச் சோறு போட்டன. பெங்களூர் நெடுஞ்சாலையில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதனால் எங்கள் படி ஏறி வருகிறவர்களுக்கு ஏதாவது ஓர் எலும்பு உடைந்திருக்கும். சீனியர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். உடைந்த இடம் கண்ணில் பட்டதும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருநாள் ஒருவன் எக்ஸ்ரே இல்லாமல் வந்து நின்றான். அம்பாசமுத்திரத்துக்காரன். வயது இருபத்து மூன்று. பென்னலூரில் அறை எடுத்துத் தங்கி, அருகில் உள்ள ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்தான். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு கண்டெய்னர் லாரி பின்பக்கமாக வந்து டீக்கடையை இடித்திருக்கிறது. பின்னால் நின்று வழி சொல்ல க்ளீனர் இல்லை. அந்த விபத்தில் இவனுடைய அறைத்தோழனுக்குக் கால் முறிந்துவிட்டது. தோழன் தென்காசிக்காரன், எங்கள் மூலம் ஏற்கெனவே மனு போட்டவன், சீனியர் ஜன்னலில் தூக்கிப் பார்த்து மகிழ்ந்த கால் அவனுடையதுதான்.

“உனக்கு எங்கப்பா அடி?” என்றார் சீனியர்.

“எனக்கு அடி இல்ல சார். ஆனா ரோட்டத் தாண்ட முடியல.”

சீனியர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏம்மா, இது உனக்கு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தேறாத வழக்குகளெல்லாம் எனக்குத்தான் வரும்.

அந்தக் காலத்து லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பாட்டு பாடும். பிறந்தநாள் மெட்டு, பக்தி மெட்டு, சினிமா மெட்டு என்று ஆளுக்கொரு ரசனை. அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் அம்பாசமுத்திரத்துக்காரனுக்குக் கைகால் ஓடாது, வேர்த்துக் கொட்டும், கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவான். அந்தப் பகுதியில் லாரி ரிவர்ஸ் எடுக்காத நிமிடம் கிடையாது என்பதால் பாதி நாள் அவன் நின்றுகொண்டேதான் இருந்தான். அறைக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நெடுஞ்சாலை. மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் கடந்து போவார்கள். இவன் தினமும் பெரும்புதூர் வரை நடந்து வந்து, பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கெஞ்சித் தொழிற்சாலைப் பக்கம் இறங்குவான். சூப்பர்வைசர் சிரித்திருக்கிறார். தென்காசிக்காரன் கட்டுப்போட்ட காலோடு சிரித்திருக்கிறான். எனக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் சிரிப்புதான் வந்தது.

சென்னையில் ஓர் அரசு மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். அதற்கு முன் பென்னலூர் டாக்டர் ஒருவர் ‘பொதுவான பலவீனம்’ என்று எழுதிச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார். சென்னை டாக்டர் நான்கு முறை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, விபத்தின் அதிர்ச்சியால் வந்த மனநோய் என்று நோயின் பெயரோடு, கையெழுத்தோடு, முத்திரையோடு தந்தார். எனக்கு அந்த நோயின் பெயர்தான் முக்கியம். பயந்தேன், அழுதேன், தூக்கம் வரவில்லை என்றால் நீதிமன்றம் அனுதாபப்படும், இழப்பீடு தராது. மருத்துவம் ஒப்புக்கொள்ளும் நோயாக இருக்க வேண்டும்.

ஹைகோர்ட் நூலகத்தில் போய் இரண்டு நாள் தூசி தின்றேன். இங்கிலாந்துத் தீர்ப்புகள்தான் இந்த விஷயத்தில் நமக்கும் வழிகாட்டி. கட்டாயமில்லை, ஆனால் நம் நீதிபதிகள் மதிப்பார்கள். படிக்கப் படிக்க வெள்ளைக்காரர்கள் மனசுக்கு ஒரு டேப் வைத்து அளந்திருப்பது தெரிந்தது. ஒரு மீன்காரம்மா டிராமிலிருந்து கூடையை இறக்கும்போது சற்றுத் தள்ளி ஒரு மோட்டார் சைக்கிள் மோதுகிற சத்தம் கேட்டு நோயில் விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் கிடையாது. வீட்டிலிருந்த ஓர் அம்மா, குடும்பமே அடிபட்டது கேட்டு இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, சேறும் எண்ணெயும் துடைக்கப்படாமல் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாள். அவளுக்கு உண்டு. விளையாட்டு மைதானத்தில் நெரிசலில் மாண்டவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த உறவினர்களுக்கு இல்லை. எட்டு மணி நேரம் கழித்துச் சவக்கிடங்கில் மச்சானின் உடலை அடையாளம் காட்டியவருக்கும் இல்லை.

சாரம் இவ்வளவுதான். அடுத்தவனுக்கு நேர்ந்ததைப் பார்த்து மனம் உடைந்தவன், அடிபட்டவனோடு நெருங்கிய அன்புப் பிணைப்பு உள்ளவனாக இருக்க வேண்டும். இடத்திலும் நேரத்திலும் விபத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தன் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ இருக்க வேண்டும், யாரோ சொல்லித் தெரிந்துகொண்டது செல்லாது. பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி என்றால் அன்பு இருப்பதாக நீதிமன்றமே நினைத்துக்கொள்ளும். கூடப் பிறந்தவனே அன்பை நிரூபிக்க வேண்டும். அப்படியென்றால் அறைத்தோழன்? ஆனால் தானே அடிபட்டிருக்கக்கூடிய ஆபத்துக்குள் நின்றவனுக்கு இந்த அளவெல்லாம் இல்லை. உடம்பில் கீறல் விழாவிட்டாலும் அவன் நேரடியாகப் பாதிக்கப்பட்டவன்.

கடைசி வரி நமக்கு உதவாது என்று அப்போது நினைத்தேன். அம்பாசமுத்திரத்துக்காரன் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தான். விபத்து நடந்தது மதியம் ஒன்று ஐம்பது. ஷிப்ட் முடிந்து, கார்டு பஞ்ச் பண்ணி அவன் வெளியே வந்தது இரண்டு மணிக்கு. வந்து பார்த்தால் தோழன் லாரி அடியில். ஆக, அன்பைத்தான் நிரூபிக்க வேண்டும்.

அன்பைத் தேடிப் பென்னலூருக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை, ஒரு பாய், ஒரு பக்கெட், ஒரு பூட்டு. ஒருவனுக்குக் காலை ஷிப்ட், மற்றவனுக்கு மதிய ஷிப்ட். இரவு ஒருவன் தூங்கிய பிறகு மற்றவன் வந்து பக்கத்தில் படுப்பான், காலையில் அவன் எழுவதற்குள் இவன் கிளம்பிவிடுவான். ஒரே சாவி என்பதால் தினமும் ஷிப்ட் மாறும் வேளையில் டீக்கடையில் கைமாற்றிக்கொள்வார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நெருக்கமா?” என்று தென்காசிக்காரனிடம் கேட்டேன்.

“நெருக்கமா? முழிச்சிருந்து பாத்துக்கிடறதே டெய்லி அஞ்சு நிமிசந்தான் மேடம்.”

“சரி, பாசம்?”

“பக்கெட்டுல தண்ணி புடிச்சு வைக்கவே மாட்டான் மேடம். அத எழுதிக்கோங்க.”

எழுதிக்கொள்ளவில்லை. சாட்சிக் கூண்டில் இவனை ஏற்றினால் மனு அன்றே முடிந்துவிடும் என்று தெரிந்தது.

இதற்குள், காயமில்லாமலே மனு போடலாம் என்ற செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. முதலில் வந்தவர் டீக்கடைக்காரர். விபத்தின்போது அவர் பால் வாங்கப் போயிருந்தார்.

“இன்னா வக்கீலம்மா, அந்தப் புள்ளைக்கு மட்டுந்தான் ஷாக்கா? பால் வாங்கினு வந்து பாக்கறேன், கடையே இல்ல. இப்போ கூட நெஞ்சு படபடன்னு அடிச்சிகினு கீது.”

கடைக்கு ஆன சேதத்துக்குத் தனியாகக் கேட்கலாம், நெஞ்சுக்குக் கேட்க முடியாது என்றேன். கடையை விட நெஞ்சு பெரிசில்லையா என்று கேட்டார்.  அடுத்து, பஸ் ஜன்னலில் இருந்து கூட்டத்தைப் பார்த்த ஒரு பெண்மணி. அதற்கடுத்து, மறுநாள் பேப்பரில் படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடாத ஓய்வுபெற்ற வாத்தியார். பேப்பரைக் கத்தரித்துக் கொண்டுவந்திருந்தார். அப்புறம், சத்தத்தில் தன் பசு பால் கறக்க மறுத்ததாக ஒருவர். பசு சார்பில் மனு போட முடியாது என்றதற்கு, பசுவைப் பார்த்துத் தனக்கு வந்த அதிர்ச்சிக்குப் போடலாமே என்று வாதாடினார். சட்டம் படித்திருக்க வேண்டியவர்.

ஒரு திங்கட்கிழமை வரிசை பேட்டரி கடை வாசல் வரை நின்றது. கீழே பேட்டரி கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களை அதில் தேடிக்கொண்டிருந்தார். மாடியில் இருந்து எட்டிப் பார்த்தபோதுதான் நீதிபதிகள் ஏன் டேப்போடு நிற்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பொய் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து பார்த்த பெண்மணிக்கு நிஜமாகவே கை நடுங்கியது. ஆனால் ஒரு டிரைவர் ஒரு நொடி கண்ணாடியைப் பார்க்காமல் விட்டதற்காக, பார்த்தவர், கேட்டவர், படித்தவர், பசு வளர்ப்பவர் என்று தாலுகாவுக்கே பதில் சொல்ல வைக்க முடியுமா? எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கோடு போட்டால் யாராவது ஒரு நியாயமானவனும் வெளியே நிற்பான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் முதல் வாய்தா. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் வயதானவர், குறும்புக்காரர். அவர் கார் வளாகத்தில் ரிவர்ஸ் எடுத்தது. அதுவும் பாடியது. என் கட்சிக்காரன் என் கோட்டைப் பின்னாலிருந்து பற்றி இழுக்க, என் கையிலிருந்த கேஸ் கட்டு சிதறித் தாளெல்லாம் வேப்பமரத்தடியில் பறந்தது. அவர் ஒரு தாளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, “நல்லா பழக்கியிருக்கீங்கம்மா” என்றார். நீதிமன்றத்தில், தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டை வரவழைக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். இவன் இரண்டு மணி வரை உள்ளேதான் இருந்தான், எதையும் பார்க்கவில்லை, உறவும் இல்லை என்று காட்டுவது அவர் திட்டம்.

அன்று மாலை அலுவலகத்தில் அவனைத் தயார் செய்தேன். பாட்டு கேட்டால் ஏன் கண்ணை மூடுகிறாய் என்று கேட்டேன்.

“கண்ணத் தொறந்தா லாரி தெரியும்லா மேடம். பின்னாடி கரண்டு போஸ்ட்டு, நவுர முடியாது. சட்டைப் பொத்தான்ல வந்து இடிச்சு நின்னுட்டு. அப்பவும் பாட்டு நிக்கல.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “எந்த போஸ்ட்டு? நீ ரெண்டு மணிக்குத்தானே வந்தே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எல்லாம் வெளியே வந்தது. சாவி வாங்கப் போகிறவன் தினமும் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுவான். லைனில் கூட வேலை பார்க்கிற சாத்தூர்க்காரர் இரண்டு மணிக்குத் தன் கார்டோடு இவன் கார்டையும் சேர்த்துப் பஞ்ச் பண்ணிவிடுவார். அந்தப் பக்கத்தில் பாதித் தொழிற்சாலை அப்படித்தான் ஓடியது. பிடிபட்டால் இருவருக்கும் வேலை போகும். அதனால்தான் போலீஸிடமும் என்னிடமும் ‘பிறகு வந்தேன்’ என்று சொல்லியிருக்கிறான். தென்காசிக்காரனையும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறான்.

எனக்கு வந்த கோபத்தில் கேஸ் கட்டை மேஜையில் ஓங்கி அறைந்தேன். இரண்டு மாதம் நான் பக்கெட்டிலும் பாயிலும் அன்பைத் தேடி அலைந்திருக்கிறேன். இவனோ லாரிக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் இடைவெளியில் நின்றவன். யார் மேலும் பாசம் வைத்திருக்கத் தேவையில்லை. கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, தானாக வெளியே வந்து நின்றிருக்கிறான்.

“பொய்ன்னு தெரிஞ்சப்புறம் நான் உன்னக் கூண்டுல ஏத்த முடியாது. ஒண்ணு மனுவத் திருத்தி உண்மையச் சொல்லணும். இல்லேன்னா மனுவ வாபஸ் வாங்கணும்.”

“உண்மையச் சொன்னா வேல போயிரும்லா?”

“போகும்.”

“அண்ணாச்சிக்கு?” சாத்தூர்க்காரரைத்தான் அப்படிச் சொன்னான். அவர் மனைவிக்கு அது ஏழாம் மாதம்.

 அவன் எழுந்து போய்விட்டான். ஒரு வாரம் ஆளைக் காணோம். வாபஸ் மனுவைத் தட்டச்சு செய்து வைத்தேன். எட்டாம் நாள் வந்தான்.

“திருத்திருங்க மேடம். என் வேலயப் பத்திக் கவல இல்ல. கார்டு யாரு பஞ்ச் பண்ணுனான்னு மட்டும் சொல்ல மாட்டேன். செயில்ல போட்டாலும் சொல்ல மாட்டேன்.”

ஜெயிலெல்லாம் போட மாட்டார்கள் என்றேன். ஆனால் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.

வந்தது. திருத்திய மனு, குறுக்கு விசாரணை, எதிரில் வருகைப் பதிவேட்டோடு தொழிற்சாலையின் டைம் ஆபீஸ் கிளார்க். அம்பாசமுத்திரத்துக்காரன் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இன்சூரன்ஸ் பெரியவர் எழுந்தார்.

“கார்டு இரண்டு மணி ரெண்டு நிமிஷம்னு சொல்லுது. நீங்க அங்க இல்லவே இல்ல.”

“கார்டு இருந்துச்சு சார். நான் இல்ல.”

“அப்ப கார்டு தானா நடந்து போய் பஞ்ச் ஆச்சா?”

“நான் பண்ணச் சொன்னேன். தப்பு என்னோடது.”

“யாரு பண்ணினது?”

 கிளார்க் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனாவை எடுத்தார். பெரியவர் மறுபடி கேட்டார். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். நான் எழுந்து ஆட்சேபித்தேன். 

நீதிபதி பெரியவரைப் பார்த்தார். “இவர் எங்க நின்னாருங்கறதுதான் இங்க கேள்வி. கார்ட பஞ்ச் பண்ணினது யார் கைங்கறத தொழிற்சாலை பாத்துக்கட்டும். அடுத்த கேள்வி.”

கிளார்க் பேனாவை மூடினார். என்னால் அந்த நீதிபதியை இன்றும் மறக்க முடியவில்லை.

அடுத்து தென்காசிக்காரன் ஊன்றுகோலோடு ஏறினான். இவன் எதையாவது உளறிவிடுவான் என்று பயந்துகொண்டே இருந்தேன். “நான் வீலுக்கு அடியில கெடந்து பாத்தேன் சார். இவன் போஸ்ட்டுல சாஞ்சு கண்ண மூடிட்டு, சாவி வாங்கக் கைய இப்பிடி நீட்டிட்டே நின்னான். சிரிப்புதான் வந்துச்சு” என்று தொடங்கியவன், அதோடு நிறுத்திவிட்டு ஓவென்று அழுதான். “செத்துட்டான்னுதான் நெனச்சேன் சார். நாந்தான் அவனக் கூப்பிட்டு வந்தேன் இந்த ஊருக்கு.” இரண்டு மாதம் நான் தேடிய அன்பு அது. இப்போது வழக்குக்குத் தேவைப்படவில்லை. பெரியவர் குறுக்கு விசாரணை இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வாதத்தில் மட்டும் அவர் கடைசியாக ஒன்று முயன்றார். சட்டம் உடல் காயத்துக்குத்தான் இன்சூரன்ஸைப் பொறுப்பாக்குகிறது, இவர் உடலில் ஒரு கீறல்கூட இல்லை என்றார். நீதிபதி, “மூளைய நீங்க எங்க வச்சிருக்கீங்க சார்?” என்று கேட்டார். நீதிமன்றமே சிரித்தது, பெரியவரும் சிரித்தார்.

தொழிற்சாலை சிரிக்கவில்லை. மறு திங்கட்கிழமை அம்பாசமுத்திரத்துக்காரனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு முதல் வாரம், யார் பஞ்ச் பண்ணியது என்று ஆபீஸில் வைத்து மூன்று மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். வாயைத் திறக்கவில்லை. சாத்தூர்க்காரருக்குப் பெண் குழந்தை பிறந்தது, வேலை இருந்தது. அவர்தான் இவனுக்குக் காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துக் கொடுத்தார். லாரி நுழைய முடியாத சந்து அது.

விபத்து நடந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். நீதிமன்ற வாசலில் நின்று அவனுக்குத் தமிழில் சொன்னேன். மனுதாரர் ஆபத்தின் எல்லைக்குள் நின்றவர், உறவை நிரூபிக்க வேண்டியதில்லை, அவருக்கு வந்தது நோய், அதற்குக் காரணம் டிரைவரின் கவனக்குறைவு. தொகை பெரிதல்ல, வைத்தியத்துக்கும் இழந்த சம்பளத்துக்கும் கொஞ்சம் மேலே. தொகையை அவன் காதில் வாங்கவே இல்லை.

“அடிபட்டவர்னு எழுதியிருக்கா மேடம்?”

“எழுதியிருக்கு.”

“எங்க?”

காட்டினேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவன் அந்த வரியின் மேல் விரலை ஓட்டினான். பிறகு, ஊருக்கு ஒரு போன் போட்டுவிட்டு வருகிறேன் என்று எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனான். இத்தனை நாளும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது.

“எம்மா, நாந்தான். ஒண்ணுமில்ல, இப்ப நல்லாருக்கேன். எனக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆயிட்டும்மா... இல்ல, முந்தின வருசத்துக்கு முந்தி...”

மறுமுனையில் எழுந்த அலறல் வெளியே நின்ற எனக்கே கேட்டது. அவன் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இரண்டு வருடம் பிந்தி, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், போனில் சொல்லக் கேட்ட தாய்க்குச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. நான் படித்த எந்தத் தீர்ப்பிலும் அவளுக்கு இடமில்லை. அந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அன்று அந்தப் பூத் வாசலில் என் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை நானும் நின்றேன்.